கடன் கேட்கப் போகுமுன் ஒரு வெள்ளோட்டம்



1996-ம் ஆண்டு நாம் சொந்தப் பெயரில் சாம்பார் பொடி போட்டோம். நம்மிடம் மொத்தச் சரக்கு எடுக்கும் கடைக்காரர்களைக் கேட்டபோது ஒருவர் விடாமல், "போடுங்க அண்ணாச்சி, எங்க கடையில வச்சு வித்துத் தர்றோம்" என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி நான்கு வண்ணத்தில் பத்தாயிரம் கவர் அச்சடித்தோம். முதல் மாதம் முகத்துக்காக எல்லோரும் ஒரு டஜன் எடுத்தார்கள். இரண்டாம் மாதம் பாதிப் பேர் எடுத்தார்கள். மூன்றாம் மாதம் லைனுக்குப் போன பையன் வெறும் பையோடு திரும்பி வரவில்லை, போட்ட சரக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தான். மீதிக் கவர்களில் வெகு காலம் கடைச் சில்லறையைக் கட்டி வைத்தோம்.

அதில் பொடியின் மேல் குற்றமில்லை. எத்தனை விற்றால் தொடரலாம், எத்தனைக்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு எண்ணைக்கூட முன்கூட்டி எழுதி வைக்காததுதான் நாம் செய்த பிழை. அதனால் ஒவ்வொரு மாதமும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று பதினோரு மாதம் ஓட்டினோம்.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற ஆண்டு நம்மைத் தேடி வந்த ஒரு தம்பி. மதுரை கீழமாசி வீதியில் நம்மிடம் வெகு நாளாகச் சரக்கு எடுக்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவரின் மகன். இட்லி மாவு அரைத்து, ஒரு கிலோ பாக்கெட்டாகக் கடைகளுக்குப் போட வேண்டும் என்பது அவர் திட்டம். 40 லிட்டர் கிரைண்டர் இரண்டு, பெரிய கூலர், பாக்கெட் ஒட்டும் இயந்திரம், வாடகைக் கட்டிடத்துக்கு அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 5 லட்ச ரூபாய் முதலீடு. அதில் மூன்றரை லட்சம் முத்ரா கடன். மீதி ஒன்றரை லட்சத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைப்பதாக ஏற்பாடு. நன்றாகத் தட்டச்சு செய்து, அட்டை போட்டு, திட்ட அறிக்கையோடு வங்கிக்குப் போயிருக்கிறார். மேலாளர் ஒரே ஒரு வரியில் பேனாவை வைத்து, "தினம் 150 பாக்கெட் விற்கும் என்று போட்டிருக்கிறீர்களே, இந்த 150 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாராம். இருபது கடையில் கேட்டேன், கடைக்கு ஏழெட்டு எடுப்பதாகச் சொன்னார்கள் என்று தம்பி பதில் சொல்லியிருக்கிறார். "சொன்னார்களா, வாங்கினார்களா?" என்பது மேலாளரின் அடுத்த கேள்வி. அதற்குத் தம்பியிடம் பதிலில்லை. நம்மிடமும் 1996-ல் இருக்கவில்லை.

இதற்கு வழி ஒன்று உண்டு. படித்த பிள்ளைகள் இதை 'மினிமம் வயபிள் பிராடக்ட்' என்கிறார்கள். 2001-ல் பிராங்க் ராபின்சன் என்பவர் வைத்த பெயர். 2011-ல் எரிக் ரீஸ் எழுதிய புத்தகத்தால் உலகம் முழுதும் பரவியது. பெயர் புதிதே தவிர விஷயம் நமக்குப் புரியாததல்ல. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கக்கூடிய அளவுக்கு, மிகக் குறைந்த செலவில் சரக்கைச் செய்து, உண்மையான கடையில் உண்மையான விலைக்கு வைத்துப் பார்ப்பது. அமெரிக்காவில் 1999-ல் நிக் ஸ்வின்மர்ன் என்ற இளைஞர் இணையத்தில் செருப்பு, ஷூ விற்க நினைத்தார். கிடங்கு பிடித்துச் சரக்கு நிரப்பவில்லை. பக்கத்துக் கடைகளில் இருந்த ஷூக்களைப் படம் பிடித்துப் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். ஒரு ஜோடிக்கு லாபம் இல்லைதான். ஆனால் போட்டுப் பார்க்காமல் ஜனங்கள் ஷூ வாங்குவார்களா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஜாப்போஸ் என்ற பெரிய நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. தேருக்கு வெள்ளோட்டம் விடுவதுபோல, வியாபாரத்துக்கும் ஒரு வெள்ளோட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் வெள்ளோட்டம் விட்டால் மட்டும் போதாது. சாம்பார் பொடிக்கும் ஒரு விதத்தில் பதினோரு மாதம் வெள்ளோட்டம் விட்டோமே! எந்த எண் வந்தால் வெற்றி, எது வந்தால் தோல்வி என்பதைச் சரக்கு கடைக்குப் போகுமுன் எழுதிவைக்க வேண்டும். அந்த எண்ணும் ஆசையிலிருந்து வரக்கூடாது, கணக்கிலிருந்து வரவேண்டும். தம்பியை உட்கார வைத்து நாம் முதலில் செய்தது இந்தக் கணக்கைத்தான்.

கோடு எங்கே போடுவது?

நான்கு கிலோ இட்லி அரிசிக்கு ஒரு கிலோ உருட்டு உளுந்து போட்டு அரைத்தால் ஏறக்குறைய 12 கிலோ மாவு காணும். அன்றைய கொள்முதல் விலைக்கு ஒரு கிலோ மாவில் அரிசி, உளுந்துச் செலவு 26 ரூபாய். கவர், உப்பு, வெந்தயம், அரைக்கும் கரண்ட் என்று 4 ரூபாய். ஆக, சொந்தக் கிரைண்டரில் அரைத்தால் ஒரு பாக்கெட் 30 ரூபாய் அடக்கம். கடைக்கு 46-க்குப் போட்டு, கடைக்காரர் 55-க்கு விற்பது என்பது திட்டம். பாக்கெட்டுக்கு 16 ரூபாய் நிற்கிறது. ஆள் சம்பளம், வாடகை, வங்கித் தவணை, கூலருக்கான கரண்ட், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 45,000 ரூபாய், அதாவது நாளுக்கு 1,500 ரூபாய். திட்ட அறிக்கை 150-ஐ 16-ஆல் பெருக்கி, நாளுக்கு 2,400 ரூபாய், மாதம் 72,000 ரூபாய், செலவு போக 27,000 ரூபாய் லாபம் என்று முடித்திருந்தது.

நாம் கேட்டது, "ரிட்டர்ன் எங்கே தம்பி?"

மாவு என்பது சர்க்கரை, பருப்பு போல இருந்து விற்கும் சரக்கல்ல. விற்காததைக் கடைக்காரர் திருப்பித்தான் கொடுப்பார். அது புளித்து உப்பிய பாக்கெட், காசாகாது. பத்து பாக்கெட் போட்டு ஒன்று திரும்பினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஒன்பது பாக்கெட்டுக்கு 414 ரூபாய் வருகிறது. பத்துக்கும் அடக்கம் 300 ரூபாய். மிச்சம் 114 ரூபாய், போட்ட பாக்கெட் ஒன்றுக்கு 11 ரூபாய் 40 காசு. இரண்டு திரும்பினால் வரவு 368 ரூபாய், மிச்சம் வெறும் 68 ரூபாய். பாக்கெட்டுக்கு 6 ரூபாய் 80 காசு. நாளுக்கு 1,500 ரூபாய்ச் செலவை ஈடுகட்ட, ரிட்டர்னே இல்லாவிட்டால் 94 பாக்கெட் போதும். பத்தில் ஒன்று திரும்பினால் 132 போட வேண்டும். பத்தில் இரண்டு திரும்பினால் 220-க்கு மேல் போட வேண்டும். தம்பி அறிக்கையில் இருந்த அதே 150 பாக்கெட், பத்தில் ஒன்று திரும்பினால், மாதம் 27,000-க்குப் பதில் 6,300 ரூபாய்தான் தரும். இதைப் பார்த்ததும் தம்பி வெகு நேரம் பேசவில்லை.

ஆகவே எண்ண வேண்டியவை இரண்டு என்று தெளிவாயிற்று. ஒன்று, ஒரு கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் விற்கிறது. மற்றது, போட்டதில் எத்தனை திரும்புகிறது. வீட்டுக்கு மாதம் 10,000 ரூபாயாவது மிஞ்ச வேண்டும் என்று தம்பி சொன்னார். இருபது கடை, பத்தில் ஒன்று ரிட்டர்ன் என்று வைத்தால், அதற்குக் கடைக்கு நாளொன்றுக்கு ஏழேகால் பாக்கெட் விற்க வேண்டும். கொஞ்சம் இடம் விட்டு எட்டு என்று மேல்கோடு போட்டோம். ஆறுக்குக் கீழே போனால் செலவே கட்டாது, ஆகவே ஆறு கீழ்க்கோடு. ரிட்டர்னுக்கு நூற்றுக்குப் பத்து வரை சரி. இருபதுக்கு மேல் போனால், கடைக்கு எட்டு விற்றாலும் நஷ்டம்தான், நிறுத்த வேண்டியது.

இரண்டு கோட்டுக்கும் நடுவே விழுந்தால்? அதையும் முன்கூட்டியே எழுதினோம். காரணம் என்னவென்று கண்டுபிடித்து, ஒரே ஒரு மாற்றம் செய்து, ஒரே ஒரு முறை மறுபடி பார்ப்பது. அதற்கு மேல் இழுக்கக் கூடாது. நமக்குப் பதினோரு மாதம் இழுத்த அனுபவம் இருந்ததால் இந்த வரியை நாமே பிடிவாதமாகப் போடச் சொன்னோம்.

இன்னொரு கோடும் தேவைப்பட்டது. புதுச் சரக்கை ஜனங்கள் ஒரு தடவை வாங்கிப் பார்ப்பார்கள். அது விற்பனை அல்ல, வேடிக்கை. முதல் வாரத்தில் வாங்கியவர்களில் பாதிப் பேராவது அடுத்த மூன்று வாரத்தில் இரண்டு தடவையாவது மறுபடி வாங்க வேண்டும் என்று எழுதினோம். கடைசியாக, இந்தச் சோதனைக்காகக் கையை விட்டுப் போகும் பணம் 15,000 ரூபாயைத் தாண்டினால் அன்றே நிறுத்துவது. இவ்வளவும் ஒரே பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, தம்பியும் அவர் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். தாள் நம் கடைப் பெட்டியில் இருந்தது.

வெள்ளோட்டம் நடந்த விதம்

கிரைண்டர் வாங்கவில்லை. கூலிக்கு மாவு அரைத்துக் கொடுப்பவர் ஒருவரிடம் ஏற்பாடு செய்தோம். அதனால் பாக்கெட் அடக்கம் 30-க்குப் பதில் 38 ஆனது. பரவாயில்லை, இது விற்பனையை அளக்கும் சோதனை, அடக்கத்தை அளக்கும் சோதனை அல்ல. ஆனால் இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும். கவரில் அச்சடிக்கவில்லை, வெறும் கவரில் ஸ்டிக்கர். ஒன்றில் மட்டும் குறுக்கு வழி போகவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, ஸ்டிக்கரில் பெயர், முகவரி, எடை, அரைத்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்துவது, விலை எல்லாம் முறைப்படி செய்த பிறகுதான் முதல் பாக்கெட் வெளியே போயிற்று. சோதனைக்கு விற்கிறோம் என்றால் சட்டத்தில் விலக்கு கிடையாது, வயிற்றுக்கும் கிடையாது.

கடைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். தம்பியின் அப்பா கடையில் பாக்கெட் வைத்தோம், ஆனால் அந்த விற்பனையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே வாங்குபவர் மாவுக்காக வாங்குகிறாரா, அண்ணாச்சி முகத்துக்காக வாங்குகிறாரா என்று யாருக்குத் தெரியும்? சொந்தக்காரர் கடை, சங்கத்தில் நெருங்கியவர் கடை எல்லாம் நீக்கி, ஆறு கடை எடுத்தோம். இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புப் பக்கம், இரண்டு பழைய தெருக்களில், இரண்டு ஏற்கெனவே ஒரு அம்மாள் வீட்டு வாசலில் மாவு விற்கும் இடத்தருகே. இருபது கடைத் திட்டத்தில் எந்த வகைக் கடையெல்லாம் வருமோ, அந்த வகையெல்லாம் ஆறில் இருக்க வேண்டும் என்பதே எண்ணம்.

விலை 55. ஒரு கடைக்காரர் முதல் வாரம் 45-க்குக் கொடுத்து இழுக்கலாம் என்றார். வேண்டாமென்று சொல்லிவிட்டோம். 45-க்கு எத்தனை விற்கும் என்பது திட்டத்தில் இல்லாத கேள்வி. இலவச மாதிரியும் கிடையாது. கடைக்காரர் விற்றதற்கு மறுநாளே ரொக்கம் கொடுக்க வேண்டும். நோட்டில் வரவு ஏறினால்தான் அது விற்பனை.

காலம் 28 நாள். சம்பள வாரம், மாதக் கடைசி, ஞாயிறு, வெள்ளி, அமாவாசை எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். முதல் ஏழு நாள் பழக்கத்துக்கு. சராசரியில் சேராது என்று முன்பே எழுதியிருந்தோம். பிறகு பார்த்து, "முதல் வாரம் சரியில்லை, அதை விட்டுவிடலாம்" என்று சொல்வது வேறு, முன்பே எழுதி விடுவது வேறு. ஆனி மாதம் எடுத்துக்கொண்டோம். தீபாவளி, பொங்கல் ஒட்டிய நாட்களில் செய்திருந்தால் எண் பொய் சொல்லியிருக்கும்.

நோட்டில் ஒவ்வொரு கடைக்கும் நாளுக்கு ஒரு வரி. போட்டது, விற்றது, திரும்பியது, திரும்பியதன் காரணம், பாக்கெட் காலியான நேரம். இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். ஒன்பது போட்டு ஒன்பதும் மாலை ஐந்து மணிக்கே தீர்ந்துவிட்டால், அந்தக் கடையில் தேவை ஒன்பது என்று அர்த்தமல்ல. ஒன்பதுக்கு மேல் எவ்வளவு என்று நமக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

முடிவு வந்தபோது

கணக்கில் சேர்ந்த 21 நாளில் ஆறு கடைக்கும் போட்டது 1,134 பாக்கெட். விற்றது 932. திரும்பியது 202. கடைக்கு நாளொன்றுக்கு 7.4 விற்பனை, ரிட்டர்ன் நூற்றுக்குப் பதினெட்டு. இரண்டு எண்ணும் நடுவிலேயே விழுந்தன. மறுபடி வாங்கியவர் கணக்கு மட்டும் நன்றாக இருந்தது. நோட்டுப் போட ஒப்புக்கொண்ட இரண்டு கடைகளில் முதல் வாரம் வாங்கிய 48 பேரில் 29 பேர் இரண்டு தடவைக்கு மேல் மறுபடி வாங்கியிருந்தார்கள். ஆக, மாவில் கோளாறில்லை. பின் ஏன் திரும்புகிறது?

கடைவாரியாகப் பிரித்தபோது பதில் கிடைத்தது. நான்கு கடைகளில் ரிட்டர்ன் நூற்றுக்கு எட்டுதான். இரண்டு கடைகளில் மட்டும் நாற்பது! ரிட்டர்ன் காரணத்தில் அந்த இரண்டு கடைக்கும் திரும்பத் திரும்ப "உப்பிவிட்டது, புளிப்பு" என்றே எழுதியிருந்தது. தம்பி ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கே போய் நின்றார். கடை திறந்ததும் கடைக்காரர் முதலில் செய்த வேலை கூலரின் சுவிட்சைப் போட்டது. இரவு கடை அடைக்கும்போது கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைத்துவிடுகிறார். குளிர்பானத்துக்கு அதனால் கேடில்லை. மாவு அப்படியல்ல. குளிர் இருக்கும் வரை புளிப்பு மெதுவாக ஏறும், குளிர் போய்விட்டால் ஒரே இரவில் கவர் பலூன் மாதிரி உப்பிவிடும். மற்ற கடையும் அதே கதைதான்.

இந்த இடத்தில் தம்பி சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். "அண்ணாச்சி, அந்த இரண்டு கடையையும் எடுத்துட்டா கடைக்கு 8.7 விற்பனை, ரிட்டர்ன் 8. ரெண்டு கோடும் தாண்டிட்டோம். அப்படியே அறிக்கையில போட்டுடலாமா?"

கணக்கு சரிதான். ஆனால் அது சோதனையின் முடிவு அல்ல. முடிவைப் பார்த்த பிறகு நமக்குப் பிடிக்காத கடையை நீக்கினால் எந்தச் சரக்கும் வெற்றி பெறும். நம் சாம்பார் பொடிகூட இரண்டு கடையில் நன்றாகவே ஓடியது. இரவில் கூலர் ஓடும் கடைகளில் மாவு நிற்கும் என்பது இப்போது நமக்குக் கிடைத்த ஒரு ஊகம். ஊகத்துக்குப் புதிதாகச் சோதனை வேண்டும், வேறு கடைகளில்.

அப்படியே செய்தோம். ஒரே மாற்றம், இரவில் கூலர் அணைக்காத கடையாக மட்டும் பார்ப்பது. பழைய கடை ஒன்றும் கிடையாது, புதிதாக ஆறு கடை. ஆடி மாதத்தில் 14 நாள். போட்டது 756, விற்றது 684, திரும்பியது 72. கடைக்கு 8.1 விற்பனை, ரிட்டர்ன் நூற்றுக்கு ஒன்பதரை. முதல் நான்கு கடை காட்டிய அளவுக்கு விற்பனை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நன்றாக ஓடிய கடைகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் எண் எப்போதும் சற்று உயர்ந்தே தெரியும். ஆனாலும் இரண்டு கோட்டையும் இம்முறை நேர்மையாகத் தாண்டியது.

தம்பி மகிழ்ந்துபோய் அறிக்கையைத் திருத்தக் கிளம்பினார். நாம் ஒரு கேள்வி கேட்டோம். "இருபது கடை போட்டிருக்கியே தம்பி, ராத்திரி கூலர் ஓடுற கடை உன் லைன்ல எத்தனை?" அதற்காக ஒரு நாள் முழுக்க லைனைச் சுற்றி 31 கடைகளில் விசாரித்தார். பன்னிரண்டுதான் தேறின, சோதனையில் இருந்த பத்தையும் சேர்த்து.

பன்னிரண்டு கடைக்கு நாளொன்றுக்கு 108 பாக்கெட் போட்டால் ஏறக்குறைய 98 விற்கும். ரிட்டர்ன் போக நாளுக்கு 1,250 ரூபாய் நிற்கும். நாளுக்கு 1,500 ரூபாய்ச் செலவுள்ள பழைய திட்டம் இதைத் தாங்காது. மாவு நல்ல மாவு, வாடிக்கை நல்ல வாடிக்கை, விற்பனைக் கோட்டையும் தாண்டிவிட்டது. ஆனாலும் 5 லட்ச ரூபாய்த் திட்டம் தோற்றது.

அப்போதுதான் தம்பியின் அப்பா வாயைத் திறந்தார். கடைக்குப் பின்னால் இருக்கும் சாக்கு அறையைக் காலி செய்து தருவதாகச் சொன்னார். வாடகை போயிற்று. 108 கிலோவுக்கு இரண்டு பெரிய கிரைண்டர் எதற்கு? 20 லிட்டர் கிரைண்டர் ஒன்று போதும், ஒரு ஆள் போதும், மொபெட்டில் இரண்டு நடை அடித்தால் லைன் முடிந்துவிடும். கடன் ஒன்றரை லட்சம், கைப்பணம் 40,000. தவணை 3,300, சம்பளம் 12,000, கரண்ட் 3,200, பெட்ரோல் 2,500, மொத்தம் மாதம் 21,000 ரூபாய், நாளுக்கு 700. நாளுக்கு 550 ரூபாய் போல மிஞ்சுகிறது, மாதம் 16,500 ரூபாய். பெரிய திட்டம் எதிர்பார்த்த எட்டு விற்பனையும் பத்தில் ஒரு ரிட்டர்னும் இருபது கடையில் கிடைத்திருந்தால்கூட இதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும். அதற்காக நகையை அடகுக் கடைக்கு அனுப்ப வேண்டியிருந்திருக்கும்.

சோதனைக்கான செலவு, இரண்டு முறையும் சேர்த்து, கூலி அரைப்பு, ஸ்டிக்கர், பதிவு, பெட்ரோல், புளித்துக் கொட்டிய மாவு எல்லாம் கழித்துப் பார்த்ததில் சுமார் 8,500 ரூபாய் கையை விட்டுப் போயிருந்தது.

அறிக்கையில் எழுதியது

"தினம் 150 பாக்கெட் விற்கும்" என்ற பழைய வரியை அடித்துவிட்டு, தம்பி இப்படி எழுதினார்: ஆனி, ஆடி மாதங்களில், உறவினர் அல்லாத 12 கடைகளில், 55 ரூபாய் விலையில், ரொக்கத்துக்கு இரண்டு சோதனைகள் நடத்தப்பட்டன. வெற்றிக்கு வைத்த அளவு, கடைக்கு நாளொன்றுக்கு 8 பாக்கெட் விற்பனையும் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத ரிட்டர்னும். முதல் சோதனை 7.4 விற்பனை, 18 ரிட்டர்ன் என்று அளவை எட்டவில்லை. காரணம் இரவில் கூலரை அணைத்த இரண்டு கடைகள். இரவில் கூலர் ஓடும் வேறு ஆறு கடைகளில் செய்த இரண்டாம் சோதனை 8.1 விற்பனை, ஒன்பதரை ரிட்டர்ன் என்று அளவை எட்டியது. அத்தகைய கடைகள் இந்த லைனில் 12 மட்டுமே இருப்பதால், திட்டம் 12 கடைகளுக்கே போடப்பட்டுள்ளது. பின்னால் நோட்டுப் பக்கங்களின் நகலையும், கையெழுத்திட்ட அந்த ஒற்றைத் தாளையும் இணைத்தார்.

தோற்ற சோதனையை எதற்கு எழுத வேண்டும் என்று தம்பிக்குத் தயக்கம் இருந்தது. எழுதச் சொன்னது நாம்தான். மேலாளர் அதிக நேரம் படித்தது அந்தப் பகுதியைத்தானாம். கேள்வி கேட்டதும் அதில்தான். கூலர் அணைக்கும் கடைகளைப் பற்றித் தம்பி விவரமாகப் பதில் சொன்னார், ஏனென்றால் காலை ஐந்தரை மணிக்கு வாசலில் நின்றவர் அவர்தான். கடன் அந்த மாதமே கிடைத்தது.

சோதித்துப் பார்க்காதவற்றையும் தனியாக ஒரு பத்தியில் போடச் சொன்னோம். வாசலில் மாவு விற்கும் அம்மாள் விலையை இறக்கினால் என்னாகும் என்று தெரியாது. உளுந்து விலை ஏறினால் 55 தாங்குமா என்றும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும்விட, இரண்டு சோதனையும் வெயில் காலத்தில் நடந்தவை. மார்கழியில் மாவு புளிக்க அதிக நேரம் பிடிக்கும், அரைக்கும் நேரத்தையே மாற்ற வேண்டி வரும். புளிக்காத மாவு என்று வேறு விதமான ரிட்டர்ன் வரலாம். மார்கழி பிறந்ததும் அதே நோட்டில் மறுபடி 14 நாள் எண்ணுவதாகவும், ரிட்டர்ன் நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் போடும் அளவைக் குறைப்பதாகவும் அறிக்கையின் கடைசி வரியில் எழுதியிருக்கிறது.

எண்ணி முடித்துவிட்டார். பதினொன்று வந்தது. கடைக்கு ஒரு பாக்கெட் குறைத்துப் போடுகிறார்.